பொட்டு வைத்த மிஷின் ஓடாது

இன்று காலை கைப்பேசிக்கு ஆயுத பூஜை வாழ்த்து வந்தது. கம்பெனி அனுப்பியது. 'அன்புள்ள ஊழியரே' என்று தொடங்கி ஒரு ஸ்பேனர் படத்தோடு முடிந்தது. உங்களுக்கும் இப்படி ஒன்று வந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, கீழ்வீட்டு ஆட்டோக்காரர் மண்ணெண்ணெய் விட்டு எஞ்சினைத் துடைக்கும் வாசனை மேலேறி வந்தது. அது என்னைத் தண்டையார்பேட்டைக்கு இழுத்துப் போய்விட்டது.

அங்கே ஒரு லேத் பட்டறையில்தான் என் முதல் வேலை. டிரில்லிங் மிஷினில் நின்றேன். ஆரம்பத்தில் இரும்பில் போட்டதைவிட, சூடான பிசிறு தெறித்து என் சட்டையில் விழுந்த ஓட்டைகளே அதிகம். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அண்ணாச்சி என்போம்.

பூஜைக்கு முந்தின நாளே மிஷின்களைத் துடைத்து, தரையைக் கழுவிவிடுவோம். பூஜையன்று காலை மெயின் சுவிட்சை அணைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். ஸ்பேனர், சுத்தியல், அளவு பார்க்கும் வெர்னியர் எல்லாம் வாழையிலையில். பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் காலைப் பூஜைவரை எதையும் எடுக்கக் கூடாது.

கற்பூரம் காட்டி, தெருவில் பூசணிக்காய் உடைத்த பிறகு அண்ணாச்சி வாழ்த்துவார். எங்களை அல்ல, பூஜைக்கு வந்திருக்கும் எங்கள் வீட்டு ஆட்களை.

"ஒங்க பொண்ணு போட்ட ஓட்டையில போல்ட்டு தானா எறங்குதும்மா. நல்லா இருக்கணும் நீங்கள்லாம்," என்றார் நான் சேர்ந்த வருஷம் என் அம்மாவிடம். ஆம்பளை வேலைக்குப் போகிறேன் என்று கோபித்துக்கொண்டிருந்த அம்மா, தலையை ஆட்டினாள்.

அடுத்து லேத் ஓட்டும் துரை அண்ணன் குடும்பத்தின் பக்கம் திரும்பினார். அப்போதுதான் வாசலில் ஒரு மினி லாரி நின்றது. எங்களுக்கு அதிக வேலை தந்துகொண்டிருந்த துறைமுக ஒப்பந்தக்காரரின் மேனேஜர் இறங்கினார். லாரியில் ஒரு நீள இரும்பு ஷாஃப்ட்.

"கப்பல் நிக்குது. இப்பவே கடைஞ்சு குடுங்க."

"பொட்டு வச்சாச்சு சார். நாளைக்குக் காலையில மொத வேலை ஒங்களதுதான்."

"முடியாதுன்னா வேற எடத்துக்குப் போவேன். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"ஒங்க இஷ்டம். நான் வாழ்த்திக்கிட்டிருக்கேன். முடிஞ்சதும் பொரி கடலை வாங்கிட்டுப் போங்க."

"லேத்து ஓட்றவனுக்கு இவ்ளோ மரியாதையா," என்று முணுமுணுத்தார் மேனேஜர்.

துரை அண்ணன் மனைவி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "இன்னா சார் பேசுற? இந்தாளு கை வெக்காங்காட்டி உன் கப்பலு நின்னுகினுதானே கீது?"

அண்ணாச்சி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "இவரு கடைஞ்சு குடுத்த ஷாஃப்ட் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல தாயி. அடுப்படியில நின்னு வேளாவேளைக்கு இவரை அனுப்பி வைக்கியே, அதுல ஒன் பங்கும் இருக்கு."

லாரி போய்விட்டது. மேனேஜர் சொன்னதுபோலவே திரும்பி வரவில்லை. பொங்கல் தாண்டியும் பாதி மிஷின்கள் சும்மா நின்றன. ஆனால் அன்று ஓட்டியிருக்கலாமே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அடுத்த வருஷமும் மெயினை அணைத்துவிட்டு, அண்ணாச்சி அதே இடத்தில் நின்று வாழ்த்தினார். அந்தத் தடவை அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள்.

இப்போது அண்ணாச்சியும் இல்லை, அம்மாவும் இல்லை. பட்டறை இருந்த இடத்தில் கண்டெய்னர் அடுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் வேலை பார்த்துவிட்டேன். என் வீட்டு ஆட்களை நிற்கவைத்து, என் வேலை நல்ல வேலை என்று சொன்ன முதலாளி வேறு யாரும் இல்லை.