அத்தானின் அரைச் சுற்று

பால் ஆலையில் என் அத்தானுக்குப் பட்டப்பெயர் ‘அரைச் சுற்று’. பாலைச் சூடாக்கும் பகுதி அவருடைய ராஜ்ஜியம். காலையில் நீராவி வால்வைக் கையாலேயே குமிழ் திருப்பித் திறந்து, சூடு குறித்த அளவுக்கு வந்ததும் ஒரு பொத்தானை அமுக்கி ஆட்டோவுக்கு, அதாவது தானாக ஓடும் முறைக்கு, மாற்ற வேண்டும். அங்கேதான் வம்பு. பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தலைக்கனம் அதிகம். கை வால்வை எங்கே விட்டிருக்கிறது என்று கேட்காது. தான் சேர்த்துவைத்த பழைய பிழைகளை எல்லாம் கூட்டி, முழுத் திறப்பையும் புதிதாகக் கணக்குப் போட்டு, மாற்றிய நொடியே வால்வைப் படக்கென்று குறைக்கும். சூடு சரியும், சூடு போதாத பால் மறுபடி தொட்டிக்கே திரும்பிவிடும்.

அத்தான் மட்டும் பொத்தானை அமுக்குமுன் குமிழை அரைச் சுற்று கூட்டிவைப்பார். சரிவு அதில் அடங்கிவிடும்.

இந்த வித்தையால் அவருக்கு லீவே கிடையாது. வெளியூரில் மகளுக்குக் குழந்தை பிறந்தும் போய்ப் பார்க்க முடியவில்லை. “அந்த வால்வையே கல்யாணம் பண்ணியிருக்கலாம்டா உங்க அத்தான்!” என்று சொல்லி, ஊருக்குக் கட்டிய பெட்டியை அக்கா மறுபடி பிரித்தாள்.

நான் அதே ஆலையில் கருவி மெக்கானிக். பொறுக்காமல், புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்கு வேறு கணக்கு எழுதினேன். அது முழுத் திறப்பைக் கணக்கிடாது. இப்போது இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு கூட்டணும், எவ்வளவு குறைக்கணும் என்பதை மட்டும் போடும். கை விட்ட இடமே அதற்குத் தொடக்கம். சோதனையில் தேறினால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், அத்தானுக்கு லீவு என்றார் மேனேஜர்.

சோதனை நாளில் அத்தான் பொத்தானை அமுக்கினார். வரைபடத்தில் சூட்டுக் கோடு மேலே எகிறியது. பாலில் தீய்ந்த வாடை.

“பழசையே மாட்டுப்பா,” என்றார் மேனேஜர்.

“நான்தான் அப்பவே சொன்னேனே!” என்று மலர்ந்த அத்தான், அக்காவின் பெட்டி ஞாபகம் வந்து அப்படியே வாடிப்போனார்.

புதுப் பெட்டியைக் கழற்றுமுன் வரைபடத்தைப் பார்த்தேன். பொத்தானை அமுக்குவதற்கு முன்பே வால்வுக் கோடு ஏறியிருந்தது.

“அத்தான், அரைச் சுற்று குடுத்தீங்களா?”

“குடுக்காம? கை சும்மா இருக்குமா மச்சான்?”

“அதையே சரின்னு நம்பி அங்கிருந்து ஆரம்பிச்சிருக்கு அது! இந்தத் தடவை சூடு சரியான அளவுல நின்னதும் குமிழைத் தொடாதீங்க.”

மறுபடி சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அமுக்கினார். கோடு அசையவே இல்லை. மேனேஜர் தானே ஒரு தடவை மாற்றிப் பார்த்தார். அப்போதும் நேர்கோடுதான். அன்றே லீவு கிடைத்தது.

மகள் வீடு போய்ச் சேர்ந்த மறுநாளே போன் வந்தது.

“பேத்தி எப்படி இருக்கா அத்தான்?”

“ராணி மாதிரி இருக்கா. மச்சான்... கோடு?”

“நேரா இருக்கு.”

“சின்னதாக்கூட ஒரு குதி இல்லியா?”

அந்தக் குரலைக் கேட்டு மனசு இளகிவிட்டது. “இன்னைக்குக் காலையில லேசா...” என்று ஆரம்பித்தேன்.

போன் கைமாறியது. “பொய் சொன்னே, தொலைச்சுடுவேன்!” என்றாள் அக்கா. “இங்க ஒருத்தர் செருப்பு மாட்டிட்டாரு!”