மேற்கு ஜன்னலும் அவள் கையும்

நாங்கள் குடியிருக்கும் மாடி ஒரு காலத்தில் காலண்டர் ஏஜெண்ட் ஒருவரின் ஆபீசாக இருந்தது. மேற்குப் பக்கம் சுவருக்குப் பதிலாக முழுக்கக் கண்ணாடி ஜன்னல். திறக்க முடியாது.

என் வீட்டுக்காரி பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி செருகுகிறவள். பக்கத்து ரூமில் தீப் பிடித்த அன்று ஓடி வந்துவிட்டாள். உயிர் தப்பியது. இரண்டு கையும் வெந்து போயின. தொடையில் தோலை எடுத்து ஒட்டினார்கள். உணர்ச்சி மெல்லத் திரும்பும், எம்புட்டு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் முன்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள்.

"தீவாளி சீசனுக்குள்ள வேலைக்குப் போயிருவேங்க" என்பாள்.

திரி வேலைக்கு விரல் பேச வேண்டும். எம்புட்டு அழுத்தலாம் என்று விரல்தான் சொல்லும். அது சொல்லாவிட்டால் அந்த ரூமில் உட்காரக் கூடாது. இது எனக்குத் தெரியும். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சும்மா படுத்திருந்தவளை எழுப்ப இரண்டு செடி வாங்கி வந்தேன். ஒன்று மணி பிளாண்ட். இன்னொன்று வெள்ளைப் பூ பூக்கிறது, பீஸ் லில்லி என்றார்கள். நர்சரிக்காரர் சொன்னார், "மத்தியான வெயில் நேரா விழாம பாத்துக்கோங்க, அண்ணாச்சி. இலை இருக்குற இடத்துல கைய வச்சுப் பாருங்க. கை சுட்டா இலையும் சுடும்."

அதை அப்படியே வந்து அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது பிடித்துப்போனது. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்து, இலையோரம் புறங்கையை வைத்துப் பார்ப்பாள்.

"சூடே இல்ல. வெளிச்சம் பத்தாது போல" என்று லில்லித் தொட்டியைக் கண்ணாடிப் பக்கம் காலால் நகர்த்துவாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். கடைசியில் இலை கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

லில்லியின் இலைகள் முதலில் வெளுத்தன. பிறகு வெளுத்த இடம் பழுப்பாகி அப்பளம் மாதிரி நொறுங்கியது. தண்ணீர் பத்தவில்லை என்று கூடுதலாக ஊற்றினாள். மண் சொதசொதவென்று ஆனது. கருகல் நிற்கவில்லை.

ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு நர்சரிக்குப் போனேன். அவர் பார்த்தவுடன் சிரித்தார்.

"செடி வளக்குறீகளா, வத்தல் போடுறீகளா அண்ணாச்சி? மேக்க பாத்த கண்ணாடியா?"

"ஆமா."

"ஜன்னலப் பாத்த பக்கந்தான வெந்திருக்கு? தண்ணிக் குறை இல்ல, வெயிலு. கைய வச்சுப் பாக்கச் சொன்னேனே?"

"வச்சுத்தான் பாத்தா."

"யாரு கை?"

கிள்ளி வந்த இலையை மடித்துப் பையில் போட்டேன். அவர் வேறு வழி சொன்னார். இலைக்கு மேலே ஒரு அட்டையைப் பிடி. நிழல் கத்தியால் வெட்டினது போல விழுந்தால் செடியைத் தள்ளி வை. ஓரம் மங்கி விழுந்தால் சரி. தள்ள இடமில்லை என்றால் மெல்லிசாக வெள்ளைத் திரை போடு. கெட்டித் துணி வேண்டாம், வெளிச்சமே இல்லாமல் செடி சோம்பிப்போகும். வெந்த இலை பச்சையாகாது, புதுசு வரட்டும்.

மறுநாள் மதியம் லோடு இறக்கிவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். லில்லி இருந்த இடத்தில் கையை நீட்டினேன். சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

வரும்போது வாங்கி வந்திருந்த மெல்லிசுத் துணியை ஆணியடித்துக் கட்டினேன். சத்தத்தில் எழுந்துவிட்டாள்.

"எதுக்குங்க திரை? இங்கன சூடே இல்லயே."

"கண்ணு கூசுது."

"பொய் சொல்லாதீக. ஒங்களுக்கு அது வராது."

திரையை விலக்கிக் கையை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அதே இடத்தில் கன்னத்தைக் கொண்டுபோனாள். தலையைப் படக்கென்று பின்னுக்கு இழுத்தாள்.

கன்னம் சிவந்திருந்தது. கை வெயிலிலேயே இருந்தது. நான்தான் பிடித்து எடுத்தேன்.

தொட்டியை நானே மூன்றடி உள்ளே நகர்த்தினேன். திரை வழியாக வந்த வெளிச்சத்தில் அட்டையைப் பிடித்தேன். நிழல் ஓரம் மங்கி விழுந்தது.

"இம்புட்டு தள்ளி வச்சாப் போதுமா?" என்று கேட்டேன்.

"போதும்" என்றாள். பிறகு, "கம்பெனி போர்மேனுக்குப் போனைப் போடுங்க. என் எடத்துல வேற ஆளப் போட்டுக்கிறச் சொல்லுங்க."

"சீசனுக்கு இன்னும் நாள் இருக்கு, புள்ள."

"போடுங்க."

போட்டேன். அவள் எதிரிலேயே பேசினேன். அந்தப் பக்கம் அவர் சரி என்றார். வைத்துவிட்டேன்.