கல்யாண மேஜையும் என் எண்ணெய்த் துணியும்

திருமணப் பதிவு அலுவலகத்தில் எனக்கு இருபத்தொன்பது வருடச் சர்வீஸ். பதவி, அலுவலக உதவியாளர். கதவு திறப்பது, ஆட்களை வரிசையில் உட்கார வைப்பது, பேனாவில் மை இருக்கிறதா என்று பார்ப்பது, கல்யாண அறையைத் துடைப்பது, இவ்வளவுதான் வேலை. ஆனால் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "வருஷத்துக்கு எண்ணூறு கல்யாணம் பண்ணி வைக்கிறேன்" என்பேன். என் மனைவி பக்கத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல்வேன்.

கல்யாண அறையின் நடுவில் ஒரு தேக்கு மேஜை. எட்டடி நீளம், ஒரே பலகை போல இழைத்தது, நாலு ஆள் சேர்ந்தாலும் நகராது. அதன் மேல்தான் பதிவேடு விரிந்திருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் குனிந்து கையெழுத்துப் போடுவது அதில்தான். இருபத்தேழு வருடம் அதைக் காய்ந்த துணியால் தூசி தட்டியதோடு சரி. மேஜை ஒரு குறையும் சொல்லாமல் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் புதிதாக ஒரு பதிவாளர் அம்மா மாற்றலாகி வந்தார். முதல் நாள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேஜை கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்றார். சும்மா சொன்ன வார்த்தைதான். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தேநீர் போடும் அறையின் அலமாரியில் யாரோ மறந்துவிட்டுப் போன சூரியகாந்தி எண்ணெய் பாட்டில் இருந்தது. துணியில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தேன். மேஜை மின்னியது. ஜன்னல் கம்பிகூட அதில் தெரிந்தது. பதிவாளர் அம்மா பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எண்ணெய். பாட்டில் தீர்ந்ததும் சொந்தச் செலவில் இன்னொன்று. மற்ற அலுவலகங்களிலிருந்து வருகிறவர்களிடம் தேக்குப் பராமரிப்பு பற்றி விளக்கமே கொடுக்க ஆரம்பித்தேன். மரத்துக்குத் தாகம் எடுக்கும், அதற்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் பேசியிருக்கிறேன். அவர்களும் தலையாட்டினார்கள். ஊரில் எத்தனை மேஜைகள் என்னால் கெட்டிருக்கும் என்பதை இப்போது நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

முதலில் காகிதங்கள்தான் ஒட்டின. பதிவேட்டைத் தூக்கினால் 'பிரிக்' என்று ஒரு சத்தம் வரும். வருகிறவர்களின் கை வியர்வை என்று முடிவு கட்டினேன். கல்யாணம் என்றால் யாருக்குத்தான் வியர்க்காது? பிசுக்கு கூடக் கூட எண்ணெயையும் கூட்டினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளை உடையில் ஒரு பெண் வந்தாள். முழங்கையை மேஜையில் ஊன்றி, அழகாக, மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். நிமிர்ந்தபோது சட்டைக் கை மேஜையை விட்டு வர மறுத்தது. இழுத்தாள். வந்தது. முழங்கையில் தேநீர் நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கறையைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். என் சர்வீஸில் எத்தனையோ பேர் முறைத்திருக்கிறார்கள். அப்படி ஒருவரும் முறைத்ததில்லை.

பதிவாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, மேஜையை உடனே சுத்தம் பண்ணச் சொன்னார். எனக்கு அவமானத்தைவிட அவசரம்தான் பெரிதாக இருந்தது. காரணம், அடுத்த மாதம் அதே மேஜையில் என் மகளுக்குக் கல்யாணம்.

அன்று மதியமே ஒரு வாளியில் சுடுதண்ணீர் எடுத்துத் துணி துவைக்கும் பவுடரை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். ஒரு துண்டைப் பிழியாமல் அப்படியே நனைத்து, மேஜையின் இடது மூலையில் விரித்தேன். நன்றாக ஊறட்டும், தானாகக் கழன்று வரும் என்று கணக்குப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். நிதானமாகத்தான் சாப்பிட்டேன். திரும்பி வந்து துண்டைத் தூக்கினால், அடியில் வெளுத்துப்போன ஒரு திட்டு. பளபளப்பு மொத்தமும் போய், தடவினால் தாடி வளர்ந்த கன்னம்போலச் சொரசொரவென்று இருந்தது. துண்டின் ஓரத்தைச் சுற்றிப் பிசுக்கு மட்டும் பத்திரமாக இருந்தது.

ஒரு பழைய பதிவேட்டை எடுத்து அந்தத் திட்டின் மேல் வைத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

அந்த வெள்ளிக்கிழமை என் மகளும் மாப்பிள்ளையாகப் போகிறவரும் கல்யாண அறிவிப்பைப் பதிவு செய்ய வந்தார்கள். கூடவே மாப்பிள்ளையின் அக்காவும். முப்பத்தைந்து வயது இருக்கும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பழைய மரச்சாமான்களைச் சரிசெய்து பாலிஷ் போடுவது அவள் தொழில். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும், மேஜையை அவள் கண்ணிலிருந்து மறைக்க முடியும் என்று எப்படி நம்பினேனோ!

மற்றவர்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருக்க, அவள் விரலை மேஜையில் வைத்து எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"இதுக்கு யாரு மாமா சமையல் எண்ணெய் போட்டது?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "போன வருஷம் வரைக்கும் இங்க வேற ஒருத்தர் இருந்தாருமா. அவருக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது."

என் மகள் கூரையைப் பார்த்தாள். நான் இந்த அலுவலகத்தில் சேர்ந்தபோது அவள் பிறக்கவேயில்லை.

மாப்பிள்ளையின் அக்கா மேஜையைச் சுற்றி இடது மூலைக்கு வந்தாள். பழைய பதிவேட்டைத் தூக்கி அடியில் இருந்த வெளுத்த திட்டைப் பார்த்தாள்.

"ரெண்டு நோய் இருக்கு மாமா. ஒண்ணு எண்ணெய். இன்னொண்ணு, அதுக்குப் பார்த்த வைத்தியம்."

சனிக்கிழமை விடுமுறை. பதிவாளர் அம்மாவிடம் அனுமதி வாங்கி நானும் மாப்பிள்ளையின் அக்காவும் காலையிலேயே போனோம். சும்மா போகக் கூடாதே என்று, மருந்துக் கடையில் ஒரு பெரிய பாட்டில் ஸ்பிரிட் வாங்கிப் போயிருந்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, மூடியைக்கூடத் திறக்காமல் வெளியே வராந்தாவில் வைத்தாள். மேஜையின் மேல் இருக்கும் பழைய பாலிஷ் ஸ்பிரிட்டில் கரைந்து வழிந்துவிடுமாம். என் இரண்டாவது வைத்தியம் அப்படித் தொடங்குவதற்கு முன்பே முடிந்தது.

எல்லா ஜன்னல்களையும் திறக்கச் சொன்னாள். தேநீர் அறையில் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று அவளே போய்ப் பார்த்தாள். பிறகு பழைய பனியன் துணியில், பெயிண்டில் கலக்கிற, சட்டென்று தீப்பற்றுகிற டர்பன்டைனைக் கொஞ்சம் தொட்டு, முதலில் யார் கண்ணிலும் படாத இடத்தில், மேஜையின் பின்பக்க விளிம்புக்கு அடியில் தேய்த்துப் பார்த்தாள். துணியில் பழுப்புப் பிசின் வந்தது. அடியில் இருந்த பாலிஷ் அசையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மேலே கையை வைத்தாள்.

நான் எதிர்பார்த்ததுபோல ஊற்றவும் இல்லை, ஊற வைக்கவும் இல்லை. துணி ஈரமாக இருந்தால் போதும். ஒரு முழ நீளம், மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே தேய்ப்பாள். துணியைப் பார்ப்பாள். அழுக்கானதும் மடித்து வேறு பக்கம், அதுவும் அழுக்கானால் வேறு துணி. அதே துணியால் மேலும் தேய்த்தால் எடுத்த பிசுக்கை மறுபடி பூசுவதாகத்தான் ஆகும் என்றாள். விளிம்புகளில் கட்டியாக உறைந்திருந்த இடத்தில் மட்டும் துணியை ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, இளகியதும் ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் மெதுவாகத் தள்ளி எடுத்தாள். தேன்பாகுபோலச் சுருண்டு வந்தது. என் இரண்டு வருடத் திங்கட்கிழமைகள்.

சமையல் எண்ணெய் ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டேன். அந்த வேறொருவருக்காகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன். வீட்டில் எண்ணெய் பாட்டிலின் வெளிப்பக்கத்தைத் தொட்டிருக்கிறீர்களா என்றாள். காற்றுப் பட்டுப் பட்டு அது கெட்டிப்பட்டுப் பிசினாகும், முழுசாகக் காயவும் காயாது, பறக்கிற தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். மரத்துக்குத் தாகமும் இல்லை, பசியும் இல்லை என்றாள். தாகம் என்ற சொல் அவள் காதுக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. என் மகளைத்தான் சந்தேகிக்கிறேன்.

துணி தீர்ந்துபோனதால், இன்னும் இருக்கிறதா பார்க்கிறேன் என்று என் அலமாரியை அவளே திறந்தாள். நான் ஓடுவதற்குள் திறந்துவிட்டாள். உள்ளே பாதி தீர்ந்த சூரியகாந்தி எண்ணெய். அதன் கழுத்தில், வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று நான் கட்டியிருந்த சீட்டு. 'மேஜைக்கு மட்டும்'. வெள்ளிக்கிழமை அறிவிப்புப் படிவத்தில் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தது நான்தான், என் கையெழுத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

"வேற ஒருத்தர்னு யாரும் கிடையாதும்மா," என்றேன். "இருபத்தொன்பது வருஷமா நான்தான்."

"தெரியும் மாமா. அன்னைக்கு நீங்க கை குடுத்தப்பவே எண்ணெய் வாசனை வந்துச்சு."

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மீதிப் பாதியை நீங்களே பண்ணுங்கள் என்று துணியை என் கையில் கொடுத்தாள். பண்ணினேன். ரேகைக்குக் குறுக்கே நான் போனபோதெல்லாம் தொண்டையைச் செருமுவாள். பதினோரு முறை செருமினாள்.

பிசுக்கு போனதும் டர்பன்டைன் உலரும்வரை காத்திருந்தோம். மை, கை அழுக்கு எல்லாம் இன்னும் மிச்சம் இருந்தன. ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டே சொட்டு விட்டாள். துணியை நனைத்து, ஒரு சொட்டுகூட விழாத அளவுக்கு இறுக்கிப் பிழிந்து ஒரு முறை துடைத்தாள். பின்னாலேயே வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. அதன் பின்னாலேயே நான், காய்ந்த துணியோடு. ஒரு இடம் முடிந்து உலர்ந்த பிறகுதான் அடுத்த இடம். எட்டடி மேஜைக்கு ஒரு கிண்ணத் தண்ணீரில் பாதிகூடச் செலவாகவில்லை. நான் ஒரு மூலைக்கே ஒரு வாளி கொண்டுவந்தவன்.

அழுக்குத் துணிகளை நான் பந்தாகச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டதைப் பார்த்தவள் வேகமாக வந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். அப்படிக் குவித்து வைத்தால் எண்ணெய்த் துணி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்றாள். ஒவ்வொன்றாக வெளிச்சுவர்க் கம்பியில் விரித்துப் போட்டோம். மேஜையைக் கெடுத்தது போதாதென்று அலுவலகத்தையும் கொளுத்தியிருப்பேன்.

கடைசியாக மெழுகு. மிக மெல்லிசாகப் பூசி, காய விட்டு, துணியால் மெருகேற்றினாள். நான் அறிந்த கண்ணாடிப் பளபளப்பு இல்லை. அடங்கிய ஒரு ஒளி, உள்ளே ரேகைகள் ஓடுவது தெரிந்தது. இருபத்தொன்பது வருடத்தில் அந்த ரேகைகளை நான் பார்த்ததில்லை. இடது மூலைத் திட்டு மட்டும் முழுசாகப் போகவில்லை. வெளுப்பு கொஞ்சம் அடங்கியது, ஆனால் அந்த இடத்தில் பாலிஷ் போனது போனதுதான், முழு மேஜையையும் இழைத்துத் திரும்பப் போட்டால்தான் உண்டு என்று நேராகச் சொன்னாள். திங்கட்கிழமை பதிவாளர் அம்மாவிடம் அந்தத் திட்டைக் காட்டி, யார் செய்தது என்பதையும் நானே சொன்னேன். வேறொருவர் யாரும் துணைக்கு வரவில்லை.

ஐந்து வாரம் கழித்து என் மகளின் கல்யாணம். வெளிர்நீல உடை, முழுக்கை. அவள் மேஜை அருகே வந்ததும் நான் முந்திக்கொண்டு மறுபக்கம் போனேன். குனிந்து, முழங்கை வைக்கப் போகும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. இன்னொரு இடம். அங்கேயும் ஒட்டவில்லை. விளிம்பு. அதற்குள் எல்லோரும் கை தட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தால் கையெழுத்து முடிந்திருந்தது.

புகைப்படத்தில் மகள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறாள். மாப்பிள்ளை அவளைப் பார்க்கிறார். மாப்பிள்ளையின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். மேஜை விளிம்பில், பாதியாக, என் வழுக்கைத் தலை. மேஜையைவிட அதுதான் மின்னுகிறது என்கிறாள் என் மனைவி.