நூற்றெட்டுத் தேங்காய்

கண்டியில் துணிக்கடை வைத்திருக்கும் நான் ஐந்து வாரம் கட்டிலை விட்டு எழவில்லை. கடைச் சாவி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. குளிப்பதே பெரும்பாடாக இருந்தது. எங்கள் குடும்ப வைத்தியர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். என் மனைவியோ, இவர் எழுந்து நடந்தால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாகப் பிள்ளையாரிடம் நேர்ந்துகொண்டாள்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம் எழுந்தேன். சாதாரணமாகவா எழுந்தேன்! அக்குறணை, மடவளை, கலகெதர மூன்றிலும் கிளை திறக்கப்போவதாக பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கினேன். அவர் இறங்கிய பிறகு பின்சீட்டுக்காரரிடம் தொடர்ந்தேன். ஒரு வாரத்துக்கு மேல் இப்படியே ஓடியது. மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நேர்த்தியை உடனே தீர்க்க வேண்டும் என்றாள். நூற்றெட்டு எந்த மூலைக்கு, ஆயிரத்தெட்டு என்றேன் நான். தேங்காய் லொறியில் வந்திறங்கியது. கை கிழிந்த பிறகும் உடைத்தேன். கொஞ்சம் உட்காரச் சொன்ன ஐயரைக் கோயில் வாசலிலேயே வாய்க்கு வந்தபடி ஏசினேன். அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரி.

"ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் நித்திரை கொள்ளுறவர்?"

"ரெண்டு இருக்கும்," என்றாள் மனைவி.

"களைப்பு?"

"எங்களுக்குத்தான் களைப்பு டொக்டர், அவருக்கு இல்ல."

"முந்தியும் இப்பிடி இருந்தவரோ? மருந்து ஒண்டும் எடுக்காமல்?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னால் பிள்ளையார் கொடுத்த சுகத்தை நோய் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அவள் தயங்கியது எனக்கே புரிந்தது. கடைசியில் சொன்னாள்: "மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு பத்து நாள். அது நல்லா இருந்த காலம்னுதான் நெனச்சோம்."

அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் காப்பாற்றியது. இது வெறும் மனச்சோர்வு இல்லை, மனம் ஒருசமயம் அடியில் விழுந்து ஒருசமயம் உச்சிக்கு ஏறும் இருமுனைக் கோளாறு என்றார் டொக்டர். சோர்வுக்குக் கொடுத்த மாத்திரை வேறு மருந்தின் துணையில்லாமல் இருந்தால் இப்படி மேலே தூக்கிவிடலாமாம். அதை நிறுத்தி, வார்டில் சேர்த்து, லித்தியம் மாத்திரை தொடங்கினார். அதற்கு அவ்வப்போது இரத்தப் பரிசோதனை உண்டு.

வீடு வந்த பிறகு எனக்கு வேறொரு பயம் வந்தது. இனிச் சிரித்தால் அது நானா, நோயா? அடுத்த முறை கிளினிக்கில் இதைக் கேட்டேன்.

"எல்லாருக்கும் மனம் ஏறி இறங்கும். பின்னேரத்துக்குள்ள அடங்கீடும். நாள்கணக்கில நிண்டு, நித்திரை குறைஞ்சும் களைக்காமல், பேச்சும் போக்கும் மற்ற ஆக்களுக்கே வித்தியாசமாத் தெரிஞ்சா உடன வாங்கோ."

போன ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கிக்கொண்டே பாடினேன். மனைவி அடுப்பை விட்டுக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் அந்தப் பழைய பயம்.

"நேத்து எத்தன மணி நேரம் தூங்குனீங்க?"

"ஏழு."

"அப்ப பாடுங்க," என்றாள்.