குமுதா வீட்டுக் கேமராவின் கடிகாரம்

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கடைசி லைனில் ஐந்து வீடுகள். ஆள் இருப்பது ஒன்றில்தான். அந்த ஆள் மார்கஸ், தேயிலைத் தொழிற்சாலையின் வயர்மேன், மனைவியை இழந்தவர். மற்ற நான்கு குடும்பங்களும் பிழைப்புக்காக டவுனுக்குப் போய்விட்டன. பெருநாளுக்கு வருவோம் என்று சாமான்களைப் பூட்டிவிட்டு, வாசலில் ஆளுக்கொரு கேமராவை மாட்டிவிட்டுப் போனார்கள். நான்கும் நான்கு கம்பெனி. ஒரே கம்பெனியில் வாங்கியிருந்தால் தலையா போய்விடும்?

எல்லாவற்றையும் தன் வீட்டில் படம் பதியும் ரிகார்டரில் சேர்த்து, அவரவர் போனில் தெரிய வைப்பதாக மார்கஸ் வாக்குக் கொடுத்தார். வெவ்வேறு கம்பெனிக் கேமராக்களையும் ரிகார்டரையும் பேசவைக்க ஓன்விஃப் என்ற பொதுவான முறை இருக்கிறது. மூன்று கேமராக்கள் அதற்கு மசிந்தன. குமுதா வீட்டுக் கேமரா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதற்காகக் குமுதா ஈப்போ டவுனிலிருந்து தினமும் சாயங்காலம் கூப்பிட்டாள். கேமராவில் தொடங்கும் பேச்சு, சாப்பாடு, அவருடைய இருமல், அவள் வேலை என்று நீளும். வீடு திரும்பிய பிறகு மார்கஸ் காதில் விழும் மனிதக் குரல் அது ஒன்றுதான்.

முதல் வாரம், அந்தக் கேமராவில் ஓன்விஃப் அணைந்தே கிடப்பதைக் கண்டுபிடித்து முடுக்கினார். அடுத்து, 'கடவுச்சொல் தவறு' என்றது. மறுபடி மறுபடி அடித்ததில் அரை மணி நேரம் பூட்டிக்கொண்டது. ஓன்விஃபுக்கென்று தனியாக ஒரு பயனரை உருவாக்க வேண்டுமாம். உருவாக்கினார். அப்போதும் அதே பாட்டு.

ஒரு ஞாயிறு மத்தியானம் ரிகார்டர் இல்லாமல் கேமராவை நேரடியாகத் திறந்து பார்த்தபோதுதான் படத்தின் மூலையில் இருந்த தேதியைக் கவனித்தார். கரண்ட் போய் வந்ததில் கேமரா இரண்டாயிரமாம் ஆண்டுக்கே போய்விட்டிருந்தது. ரிகார்டர் கடவுச்சொல்லோடு நேரத்தையும் கலந்து அனுப்புகிறது. நேரம் ஒத்துவராததால் கேமரா தள்ளிவிடுகிறது. கடிகாரத்தைச் சரி செய்ததும் ரிகார்டர் திரையின் நான்காவது கட்டத்தில் குமுதாவின் வாசல் பளிச்சென்று வந்தது.

"இனிமே ஒங்களுக்குத் தொல்லை இல்லண்ணே, நானே பாத்துக்குவேன்லா," என்றாள் குமுதா சந்தோஷமாக.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான்கு கட்டங்களிலும் மூடுபனியைத் தவிர நடமாடியது மார்கஸ் ஒருவர்தான். ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவள் கேமராவுக்கு முன்னால் குடையோடு சும்மா நின்றுபார்த்தார். அதற்கும் போன் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, அவள் கேமராவின் கடிகாரத்தை ஒரு வருஷம் பின்னுக்குத் தள்ளினார். ரிகார்டரை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டார். நான்காவது கட்டம் மட்டும் கறுத்தது. செய்தது தப்பு என்று அவருக்கே தெரியும்.

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது.

"திரும்பத் தொல்லை குடுக்குறேண்ணே. கேமரா வரலைலா."

"தொல்லை என்னம்மா தொல்லை," என்றார் மார்கஸ். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி பண்ணக் கொஞ்ச நாளாகும். நீ சாப்பிட்டியா?"