ஆலை வீட்டின் இரண்டாவது பூட்டு

கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் என் கணவர் இயந்திரம் பார்த்தார். முதலாளியோடு வாக்குவாதப்பட்டதில் வேலை போயிற்று. வேலையோடு தந்த வீட்டையும் ஒரு மாதத்துக்குள் விடச் சொன்னார்கள். வேலையைத் திரும்பக் கேட்டு அவர் வழக்குப் போட்டார். வீட்டைப்பற்றி வழக்கறிஞரிடம் கேட்டோம்.

"வேலை போனால் வீட்டில இருக்கிற உரிமையும் போயிடும். ஆனா கோட்டுக் கட்டளை இல்லாமல் உங்களைப் பிடிச்சு வெளியில விட ஏலாது. வீட்டை மட்டும் வெறுமையா விட்டிட்டுப் போகாதேங்கோ, நீங்களா விட்டிட்டுப் போனதெண்டு சொல்லிப்போடுவினம்," என்றார் அவர்.

மாதம் முடிந்தது. ஆலை லொறி வாசலில் மெதுவாகப் போனாலே ஓடிப்போய்க் கதவடியில் நிற்பேன். கிணற்றடிக்குப் போவதென்றாலும் இவரை உள்ளே இருத்திவிட்டுத்தான் போவேன். கைக்குழந்தையோடு மழைக்காலத்தில் தெருவில் நிற்கிற காட்சிதான் கண்ணை மூடினால் வரும்.

உடையார்கட்டில் அண்ணன் துண்டுக் காணி தந்திருந்தார். அங்கே ஒரு கொட்டில் போடத் தொடங்கி, ஒரு மூலை மட்டும் வேய்ந்திருந்தோம். மார்கழி பிறக்கப்போகிறது. மார்கழியில் யாராவது குடிபுகுவார்களா? சாமிப்படத்தை வைத்து இப்போதே பால் காய்ச்சிவிட்டால், பிறகு எந்த நாளும் போகலாம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வேலை இது. புருஷன் பெண்சாதி இருவரும் நிற்க வேண்டும். சட்டிபானை, பெட்டி எல்லாம் உள்ளே கிடக்க, அரை நாள் பூட்டிவிட்டுப் போவதில் என்ன வந்துவிடும் என்று இவர் சொன்னார். எனக்கு மனமில்லை. ஆனாலும் போனேன்.

பரந்தனில் பஸ் மாறித் திரும்பி வந்தபோது மழை பிடித்துவிட்டது. எங்கள் பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டுத் தொங்கியது. ஆலை மனேச்சர் குடையோடு வந்தார். அவரும் எங்கள் ஆள்தான், அவர் வீட்டிலும் பால் காய்ச்சியிருப்பார்கள்.

"சாமிப்படத்தைக் கொண்டுபோய்ப் பாலும் காய்ச்சிப்போட்டியள். குடிபோன ஆக்களுக்கு இஞ்ச என்ன வேலை, தங்கச்சி?"

"நாளைப் பாத்துக் காய்ச்சினது, ஐயா. இன்னும் போகேல்லை. உங்களுக்குத் தெரியாதே?"

"ஓம், தெரியும்," என்றார். அதுதான் என்னைக் கொன்றது.

இவர் பூட்டை உடைக்கக் கல்லெடுத்தார். பொலிஸ் வந்தால் இவரையும் இழந்துவிடுவேன் என்று பயந்து கையைப் பிடித்தேன். குழந்தை நனைந்து நடுங்கியது. துணியையாவது எடுக்கவிடுங்கோ என்று கெஞ்சினேன்.

"எடுக்கிறதெண்டால் எல்லாத்தையும் எடுங்கோ," என்றார் மனேச்சர்.

எடுத்தால் வீட்டை விட்டதாகிவிடும் என்று தெரிந்தும் எடுத்தேன். சாமானை வண்டியில் ஏற்றி உடையார்கட்டுக்குப் போனோம். வேய்ந்திருந்த அந்த ஒரு மூலையில் சாமிப்படம் நனையாமல் இருந்தது. அதை எடுத்து மழையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் குழந்தையைக் கிடத்தினேன்.