பத்தடிக்குப் பத்தடி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் படிக்கும்படி எழுத உட்காருவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். யாராவது கேட்டால் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன், யாரும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சுனாமியில் கடல் உள்ளே வந்துபோனதற்கு அடுத்த வருடம். மரக்காணத்தில் எங்களுக்குக் கொஞ்சம் உப்பளமும், அதை ஒட்டி உப்பைப் பாக்கெட் போடுகிற கொட்டகையும் உண்டு. பாண்டிச்சேரியில் நடக்கப் போகிற வர்த்தகக் கண்காட்சியில் கடைகள் நிறைய சேருமாம், அங்கே ஒரு ஸ்டால் போட்டால் மளிகைக்காரர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் இடம் பிடித்துவிட்டார். அவர் உப்பு அறுவடையை விட்டு வர முடியாது. ஸ்டாலில் நிற்க வேண்டியது நான். தெரியாத ஆள் கடையில் விலை கேட்டாலே முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஆளைப் பார்க்கிறவள் நான்.

ஸ்டாலை எப்படி அமைப்பது என்று பார்த்துச் சொல்ல கூனிமேட்டிலிருந்து பாய் வந்தார். துபாயில் கண்காட்சி ஸ்டால் கட்டுகிற கம்பெனியில் பல வருடம் தச்சு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். வீட்டுக்காரருக்கு நெடுநாள் சிநேகம். கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் உப்புக் களத்தில் நின்று, "காகிதத்துல பாத்தா ஒண்ணும் தெரியாது அண்ணே, நிசமாவே கட்டிப் பாத்துடுவோம்" என்றார்.

உப்பாலேயே தரையில் கோடு போட்டோம். பத்தடிக்குப் பத்தடி ஸ்டால், அதன் முன்னால் பத்தடி நடைபாதை. மூன்று பக்கமும் எட்டடி உயரத்துக்குத் தடுப்பு வரும் என்று கண்காட்சிக்காரர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்குச் சவுக்குக் கம்பு நட்டு, பழைய சாக்கைக் கட்டினோம். நான் சொன்னபடி மேசையை ஸ்டாலின் வாயிலில் குறுக்கே போட்டு, அதன் பின்னால் ஒரு முக்காலி. என் மனதில் அது மேசை இல்லை, மதில். வீட்டுக்காரர் அவர் பங்குக்கு வாயில் ஓரத்தில் உப்பைக் கூம்பாகக் குவித்தார். அதற்குப் பக்கத்தில் அவர் ஆசை ஆசையாக எழுதி வாங்கிய பலகையை நிறுத்தினார். நாலடி அகலம், நாலடி உயரம். மேலே சூரியனும் உப்பளமும், அடியில் ஒரு அடி உயரத்துக்கு எங்கள் உப்பின் பெயர்.

"பலகை எப்பிடி?" என்றார்.

"படம் நல்லா இருக்குதுண்ணே," என்றார் பாய். பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வேலை முடிந்து வருகிற பெண்களை வாடிக்கையாளராக நடக்கச் சொன்னோம். அவர்கள் காலிக் கூடையைத் தலையில் வைத்தபடி, ஒருவர் பின்னால் ஒருவராக, உப்புக் கோட்டு மேலேயே கால் வைத்து வந்தார்கள். தலை அசையவில்லை. யாரும் பக்கவாட்டில் திரும்பவில்லை. பலகை முழுசாகத் தெரிந்தது.

"பாத்தியா, கால்வரைக்கும் தெரியுது!" என்று வீட்டுக்காரர் குதித்தார்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா இது, வரப்பா? கண்காட்சிக்கு வந்திருக்கீங்க. கூடையை எறக்குங்க. கும்பலா, பேசிக்கிட்டு, ஒருத்தரை ஒருத்தர் இடிச்சிக்கிட்டு வாங்க."

"இடிச்சா நீ கேக்கக் கூடாது பாய்," என்றாள் ஒருத்தி.

"என்னை இல்ல, அவங்களை இடி!"

எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்ப வந்தார்கள். இந்த முறை கண்காட்சி போலவே இருந்தது. இரண்டு பேர் உப்புக் குவியலைத் தொட நின்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பலகையும் இல்லை, மேசையும் இல்லை, நானும் இல்லை. பின்னால் வந்தவர்கள் வழியில்லாமல் சுற்றிக்கொண்டு போயே போய்விட்டார்கள். கண்காட்சி வாசலிலிருந்து வருகிறவராகப் பாய் நடந்து வந்து, எங்கள் ஸ்டாலுக்கு நேரே வரும்போதுதான் பலகை இருப்பதே தெரிகிறது என்றார்.

"நடந்து வர்றவங்க நேரா பாக்க மாட்டாங்க அண்ணே. சரிவா பாப்பாங்க. அப்போ எது தெரியும்? நமக்கு அந்தாண்டப் பக்கத்துச் சுவரோட உள்பக்கம். பேர் அங்க இருக்கணும். அதுவும் தலைக்கு மேல."

வீட்டுக்காரர் பலகையை எடுத்து அந்தச் சுவரில் மேல்விளிம்பு எட்டடிக்கு வரும்படி தூக்கிப் பிடித்தார். பெண்கள் மறுபடி கும்பலாக வந்தார்கள். சூரியன் தெரிந்தது. பெயர் நாலடிக்கும் ஐந்தடிக்கும் நடுவில், அவர்கள் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"சூரிய பிராண்டு உப்பு வித்துடலாம்," என்றாள் அதே பெண்.

வீட்டுக்காரர் பலகையை இறக்கி, கொஞ்ச நேரம் சூரியனைத் தடவினார். பிறகு கொட்டகைக்குள் போய் ரம்பத்தோடு வந்தார். "ஐயோ, வேணாம் அண்ணே, வேற எழுதிக்கலாம்" என்று பதறியவர் பாய்தான். வீட்டுக்காரர் கேட்கவில்லை. பெயர் இருந்த ஒரு அடியைத் தனியாக அறுத்து, படத்துக்கு மேலே வைத்துப் பின்னால் சட்டம் அடித்தார். இப்போது பெயர் ஏழடிக்கும் எட்டடிக்கும் நடுவில். களத்துக் கடைசியில் நின்று பார்த்தேன். கும்பல் தலைக்கு மேலே எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒட்டு போட்ட இடமும் தெரிந்தது. எனக்கு அந்தப் பலகை அப்போதுதான் பிடித்தது.

உப்புக் குவியல் பின்மூலைக்குப் போனது. தொட வேண்டுமென்றால் உள்ளே வர வேண்டும். கடைசியாகப் பாய் என் மேசையின் மேல் கை வைத்தார்.

"அக்கா, இது இங்க இருந்தா எல்லாரும் வழியிலயே நின்னு பாத்துட்டுப் போயிடுவாங்க. பேருக்குக் கீழ, சுவரோரமா போடணும்."

"அப்போ நான்?"

"நீங்க மேசைக்கு வெளியில."

மேசையை நகர்த்தினார்கள். வாயில் திறந்து கிடந்தது. நடுவில் நான் மட்டும், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பெண்கள் வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். ஒருத்திகூட உள்ளே வரவில்லை. தினமும் என்னோடு வெற்றிலை மாற்றிக்கொள்கிறவர்கள்!

"ஏண்டி வரல?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"போலீஸ்காரி மாதிரி நிக்கிறியே. எப்பிடி வர்றது?"

நான் கண்காட்சிக்குப் போகப் போவதில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

பாய்தான், "அக்கா, துபாயில வாசல்ல நின்னு ஆளைப் புடிச்சி இழுக்குற ஸ்டாலுக்கு எவனும் போக மாட்டான்," என்றார். "நீங்க யாரையும் பாக்க வேணாம். மேசையோட உள்கோடியில, பக்கவாட்டா நில்லுங்க. நெதம் செய்யுற வேலையைச் செய்யுங்க."

நெதம் செய்கிற வேலை பாக்கெட்டில் உப்பு நிரப்புவது. கரண்டியை எடுத்தேன். அள்ளிப் போட்டு, தட்டி, மடித்தேன். தலை தானாகக் குனிந்தது. ஐந்தாறு பாக்கெட் ஆனதும் பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது தெரிந்தது. நிமிர்ந்தால் குவியலைச் சுற்றி ஆறு பேர். ஒருத்தி உப்பை நாக்கில் வைத்துவிட்டு, தன் கையாலேயே வாரின உப்பென்று மறந்துபோய், "என்னா விலைம்மா?" என்று கேட்டாள்.

சொன்னேன். முந்தானையைப் பிடிக்க எனக்குக் கை காலியாக இல்லை.

வீட்டுக்காரர் நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கரண்டியோட அப்பிடியே இரு," என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் பாண்டிச்சேரிக்குப் போனேன். பலகையை பஸ் கூரைமேல் கட்டினார்கள். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.